நண்பர்கள் குரூப்பிலிருந்து ஒதுங்க வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளவும் கூடாது

ஆலோசனைக்கு வருபவர்கள் வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றி முதலில் பேசுவதில்லை. தூக்கம் வரவில்லை, பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன், தலை பாரமாகவே இருக்கிறது என்றுதான் தொடங்குவார்கள். படுக்கும்முன் கடைசியாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால்தான் போன் பேச்சில் வரும், போனுக்குப் பின்னால் அந்த குரூப் வரும். ‘கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்து பாருங்களேன்’ என்றால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: ‘ஐயோ, தப்பா நினைச்சுக்குவாங்க.’

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. சரியாகச் சொல்லாமல் ஒதுங்கினால் நண்பர்கள் தப்பாகத்தான் நினைப்பார்கள். எப்படிச் சொன்னால் நினைக்க மாட்டார்கள் என்பதற்கு என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நாற்பதைத் தாண்டிய பெண், வங்கி ஊழியர். கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த பதினோரு பேர் சேர்ந்த குரூப். ஆரம்பத்தில் பழைய புகைப்படம், பிறந்தநாள் வாழ்த்து என்று இனிமையாகத்தான் போயிருக்கிறது. பிறகு ஒரு தோழி இரவு பத்து மணிக்கு மேல் வீட்டுச் சண்டைகளை நீளமாக எழுதத் தொடங்கினார். மற்றவர்கள் ஒரு கைகூப்பும் எமோஜி போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்கள். பதில் எழுதி, ஆறுதல் சொல்லி, பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தது இவர் ஒருவர்தான்.

ஒரு வாரம் அந்த குரூப்பை மூடிவைக்கும்போதெல்லாம் மனநிலையை ஒரு வார்த்தையில் குறித்துவைக்கச் சொன்னேன். குறிப்பைப் பார்த்தபோது பகல் நேர அரட்டை இவரைச் சோர்வாக்கவே இல்லை என்று தெரிந்தது. அரசியல் ஃபார்வர்டுகளையும் சாதாரணமாகக் கடந்துபோயிருந்தார். ‘கனம்’, ‘பயம்’, ‘குற்ற உணர்ச்சி’ என்று எழுதியிருந்ததெல்லாம் இரவு பத்து மணிக்குப் பிந்திய குறிப்புகள். குரூப்பில் இவருக்கு ஒரு வேலை வந்து சேர்ந்திருந்தது. அந்த வேலையிலிருந்துதான் இவர் விலக வேண்டியிருந்தது. இது தெரியாமல் ‘எனக்கு குரூப்பே பிடிக்கலை’ என்று சொல்லியிருந்தால் மற்ற ஒன்பது பேரையும் காரணமில்லாமல் நோகடித்திருப்பார்.

இங்கே ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குரூப் மட்டுமில்லாமல் எல்லாமே சலிப்பாக இருக்கிறது, பிடித்த விஷயங்களிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் குரூப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அது மனச்சோர்வாக இருக்கலாம். அந்த நிலையில் நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது நிலைமையை மோசமாக்கும். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, நம் வங்கி ஊழியருக்கு வருவோம். ‘சத்தமில்லாமல் வெளியேறிவிடுகிறேன்’ என்பதுதான் அவருடைய முதல் யோசனை. இப்போது ஒருவர் குரூப்பை விட்டுப் போனால் வாட்ஸ்அப் அட்மினுக்கு மட்டும்தான் சொல்லும், எல்லோருக்கும் அறிவிக்காது. ஆனால் முன்பு இருந்த உறுப்பினர்களின் பட்டியல் அறுபது நாளுக்கு குரூப்பிலேயே இருக்கும். பதினோரு பேரில் ஒருவர் காணாமல் போனால் யாராவது தேடத்தான் செய்வார்கள்.

வெளியேறாமல், படித்துவிட்டுப் பதில் போடாமல் இருக்கலாம் என்றார் அடுத்து. நீல டிக்கை அணைத்து வைத்திருக்கிறாராம். அந்த வசதி தனி உரையாடலுக்கு மட்டும்தான். குரூப்பில் செய்தி அனுப்பியவர் அதை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால் யார் படித்தார்கள் என்பது தெரிந்துவிடும். படித்துவிட்டு அவள் பேசவில்லை என்பது விலகிப் போவதைவிட அதிகமாக உறுத்தும்.

காரணம் தெரியாத மௌனம் எவ்வளவு வலிக்கும் என்பதை உளவியலில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அது. கணினித் திரையில் மூன்று பேர் ஒருவருக்கொருவர் எறிந்து பிடித்து விளையாடுவார்கள். சற்று நேரத்தில் இரண்டு பேர் தங்களுக்குள்ளேயே எறிந்துகொண்டு மூன்றாமவரை விட்டுவிடுவார்கள். முகம் தெரியாதவர்கள், ஒரு காசு பெறாத விளையாட்டு, அப்படியும் விடுபட்டவரின் மனம் நொந்துபோகிறது. இருபது வருடத் தோழி திடீரென்று பேச்சை நிறுத்தினால் என்ன ஆகும்? எல்லோரும் ஆளுக்கொரு காரணம் கற்பித்துக்கொள்வார்கள், பெரும்பாலும் தங்களுக்குப் பாதகமான காரணமாகவே.

அதனால் சொல்லிவிட்டு ஒதுங்குவது என்று முடிவானது. ஆனால் குரூப்பில் எழுதுவதற்கு முன் இரண்டு பேருக்குப் போன் செய்யச் சொன்னேன். ஒருவர் குரூப்பை நடத்தும் தோழி. மற்றவர்களோடு சேர்ந்து தானும் அதைப் படித்துத் தெரிந்துகொண்டால் அவருக்கு வருத்தமாக இருக்கும். இன்னொருவர் அந்த இரவுத் தோழி. இந்த இரண்டாவது பேச்சுதான் கடினம். அதைத் தவிர்த்தால் குரூப்பில் வரும் செய்தி தன்னைக் குத்திக்காட்ட எழுதியது என்று அவர் நினைப்பது உறுதி.

நானும் அவரும் என் அறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். கடைசியில் அவர் பேசியது ஏறக்குறைய இப்படி: ‘ராத்திரி நீ எழுதுறதைப் படிச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குதுடி. உனக்கு என்ன சொல்றதுன்னும் தெரியலை. டைப் பண்ணிப் பண்ணி அழிக்கிறேன். அதனால குரூப்பை இனிமே ராத்திரி பார்க்கப் போறதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் நாம போன்ல பேசுவோமா?’ மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, ‘உன்னை இவ்வளவு படுத்தறேன்னு தெரியாதுடி’ என்றாராம்.

அந்த அரை மணி நேரத்தைத் தர முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள். தர முடியாது என்றால் சனிக்கிழமையை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் போதும். வாக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவது வாரமே போனை எடுக்காமல் இருப்பது பழையதைவிடப் பெரிய காயம். அந்தத் தோழி வீட்டில் அடி வாங்குகிறார் என்றோ, சாக வேண்டும் போலிருக்கிறது என்று எழுதுகிறார் என்றோ இருந்தால் விஷயமே வேறு. நண்பர் ஒருவர் தனியாகத் தாங்கக்கூடிய சுமை இல்லை அது. பெண்களுக்கான உதவி எண் 181, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. எண்ணை அனுப்பிவைப்பதோடு நிற்காமல், பக்கத்திலிருந்து அழைத்துக் கொடுங்கள். ஒதுங்குவதைப் பற்றி அதன்பிறகு யோசிக்கலாம்.

அடுத்தது குரூப்பில் போடும் செய்தி. அவர் முதலில் எழுதிவந்தது ஒரு பக்கம் நீண்டது. மூன்று இடத்தில் சாரி. நடுவில் ‘சமீபமா இங்க நெகட்டிவ் பேச்சு அதிகமாயிடுச்சு’ என்று ஒரு வரி. அந்த வரி ஒன்று போதும், ‘என்னையா சொல்றா?’ என்று எல்லோரும் தங்கள் பழைய செய்திகளைப் புரட்டிப் பார்க்க. இத்தனை சாரி கேட்டால், என்னவோ நடந்துவிட்டது என்ற சந்தேகமும் கிளம்பும். போன் ரிப்பேர், வாட்ஸ்அப்பையே எடுத்துவிட்டேன் என்கிற பொய்களும் வேண்டாம். அன்று மாலையே அடுத்தவர் ஸ்டேட்டஸைப் பார்ப்பீர்கள், நீல டிக்கை அணைத்து வைக்காவிட்டால் பார்த்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும்.

வெட்டிச் சுருக்கியபின் அவர் அனுப்பியது இது:

‘ஏய், எல்லாருக்கும் ஒரு விஷயம். எனக்குத் தூக்கம் சரியில்லை, ராத்திரி போனைக் குறைக்கணும். அதனால நம்ம குரூப்பை மியூட் பண்ணி ஆர்க்கைவ்ல போட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலைல ஒருதரம் வந்து பார்ப்பேன். நல்லது கெட்டது எதுவா இருந்தாலும் எனக்கு நேரா போன் போடுங்க. மே மாசம் மீட்டிங்குக்குக் கண்டிப்பா வரேன்.’

காரணம் முழுக்க அவரைப் பற்றியது, உண்மையும்கூட. இரவுத் தோழியின் விஷயம் குரூப்பில் வரவில்லை, அது அவர்கள் இருவருக்குள் முடிந்துவிட்டது. எப்போது வருவார், எப்படிப் பிடிக்கலாம் என்பது தெளிவாக இருக்கிறது. மே மாதச் சந்திப்பு பற்றிய வரியை நான்தான் சேர்க்கச் சொன்னேன். குரூப்பைக் குறைப்பவர் நம்மையே குறைக்கிறாரோ என்ற கேள்விக்கு, தேதியோடு ஒரு பதில் இருக்க வேண்டும்.

மியூட் செய்திருந்தாலும் யாராவது உங்கள் பெயரை டேக் செய்தாலோ உங்கள் செய்திக்கு ரிப்ளை போட்டாலோ போன் ஒலிக்கும். ஆர்க்கைவில் இருந்தாலும் அப்படித்தான். இதை நண்பர்கள் அவசரத்துக்குப் பயன்படுத்தலாம். சிலர் வம்புக்கும் பயன்படுத்துவார்கள். இவரையும் இரண்டு பேர் டேக் செய்து ‘மேடம் பிஸி’, ‘வி.ஐ.பி. ஆயிட்டாங்க’ என்று கிண்டல் செய்தார்கள். சிரிக்கும் எமோஜி ஒன்றைப் போட்டுவிட்டு மூடிவிடுங்கள் என்றேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அன்று இரவும் பன்னிரண்டு மணிதான்.

சிக்கல் வந்தது மூன்றாவது வாரத்தில். ஒரு தோழியின் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்த செய்தி செவ்வாய்க்கிழமை குரூப்பில் வந்தது. தனியாகப் போன் போட யாருக்கும் நினைவில்லை. இவர் ஞாயிறு காலையில்தான் பார்த்தார். அதற்குள் அந்தத் தோழிக்கு மனவருத்தம். இது அடிக்கடி நடப்பதுதான். ‘நேரா போன் போடுங்க’ என்று பத்து பேரிடம் பொதுவாகச் சொன்னால் அது யாருடைய பொறுப்பும் இல்லை என்றாகிவிடும். பிறகு குரூப்பை நடத்தும் தோழியிடம் மட்டும் கேட்டுக்கொண்டார்: ஆஸ்பத்திரி, சாவு, கல்யாணம் இந்த மூன்றையும் நீ எனக்குத் தனியாக அனுப்பிவிடு. அதன்பிறகு எதுவும் தவறவில்லை. மருத்துவமனை விஷயத்தில் கோபித்த தோழியின் வீட்டுக்கு நேரில் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முழுதாகச் சமாதானம் ஆனாரா என்று கேட்டால், இல்லை. முன்பைவிடக் கொஞ்சம் அளந்துதான் பேசுகிறார். எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் பதினோரு பேரில் ஒருவர் இப்படி இருக்கலாம்.

மியூட்டும் ஆர்க்கைவும் போதாமல் முழுதாக வெளியேற வேண்டிய குரூப்களும் உண்டு. ஒருவரைக் குறிவைத்துக் கேலி செய்வது, ஆபாசப் படங்கள், கடன் கேட்டு நெருக்குவது என்று இருந்தால் இத்தனை பக்குவமும் தேவையில்லை. நெருங்கிய ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அப்படிப் போனவரை அட்மின் பாசத்தில் மறுநாளே திரும்பச் சேர்த்துவிடுவதும் நடக்கும். உடனே மறுபடி வெளியேறினால் அது சண்டையாகத் தெரியும். முதலில் அவரிடம் போனில் பேசிவிட்டு வெளியே வாருங்கள். பிறகு வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமை என்ற பகுதிக்குள் குழுக்கள் என்று இருக்கும். அங்கே உங்களை குரூப்பில் சேர்க்க முடியாதவர்களாகச் சிலரை மட்டும் குறிப்பிட்டு வைக்கலாம். அது அவர்களுக்குத் தெரியாது. அடுத்த முறை சேர்க்க முயன்றால் அழைப்பு உங்களுக்குத் தனியாக வரும், ஏற்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.