95 டாலர் தருகிறார்கள், பங்கு ஏன் 82-ல் நிற்கிறது?

இரண்டு நிறுவனங்களின் இணைப்பு அறிவிப்பு வந்த காலையில் பலரும் கேட்கும் கேள்வி இது: "ஒரு பங்குக்கு இவ்வளவு ரொக்கம் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்களே, சந்தையில் அதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிறதே, வாங்கிப் போட்டால் லாபம்தானே?" அந்த இடைவெளி யாரோ கவனிக்காமல் விட்ட காசு அல்ல. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பங்கைத் தொட வேண்டும்.

2022 ஜனவரி 18 அன்று மைக்ரோசாப்ட், ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற வீடியோ கேம் நிறுவனத்தைப் பங்குக்கு 95 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய வர்த்தக நாளில் ஆக்டிவிஷன் சுமார் 65.4 டாலரில் முடிந்திருந்தது. அதாவது 45 சதவீத பிரீமியம். அறிவிப்பு நாளில் பங்கு சுமார் 26 சதவீதம் ஏறி 82.3 டாலரில் நின்றது. 95-ஐ நெருங்கக்கூட இல்லை.

மிச்சமிருந்த 12.7 டாலரில் இரண்டு விஷயங்கள் கலந்திருந்தன. ஒன்று, காத்திருப்பதற்கான வட்டி. 2023 ஜூனுக்குள் டீல் முடியும் என்று நிறுவனங்கள் சொல்லியிருந்தன. ஏறக்குறைய பதினேழு மாதம். அப்போது அமெரிக்காவில் வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருந்ததால், வட்டிக்கென்று ஒதுக்க வேண்டியது மிகச் சிறிய தொகை. ஆகவே இடைவெளியின் பெரும்பகுதி இரண்டாவது விஷயத்தைச் சேர்ந்தது: டீல் முறிந்துபோகலாம் என்ற பயம். போட்டி ஒழுங்குமுறை அமைப்புகள் இவ்வளவு பெரிய இணைப்பை விடுவார்களா என்ற சந்தேகம் முதல் நாளே விலையில் ஏறிவிட்டது.

அந்தச் சந்தேகத்தை ஓர் எண்ணாக மாற்ற எளிய கணக்கு இருக்கிறது. இப்போதைய விலையிலிருந்து டீல் முறிந்தால் பங்கு விழக்கூடிய விலையைக் கழியுங்கள். வாங்குபவர் தருவதாகச் சொன்ன சலுகை விலையிலிருந்தும் அதே விலையைக் கழியுங்கள். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுத்தால், டீல் நிறைவேற சந்தை கொடுக்கும் வாய்ப்பு தோராயமாகக் கிடைக்கும்.

```
(82.3 − 65.4) / (95 − 65.4) = 16.9 / 29.6 ≈ 57%
```

நூற்றுக்கு ஐம்பத்தேழு. 45 சதவீத பிரீமியம் என்ற தலைப்புச் செய்தியைப் படித்தவர்களுக்கு இந்த எண் தெரிந்திருக்காது.

இந்தக் கணக்கில் பலர் சறுக்குவது, முறிந்தால் விழும் விலை எது என்பதில்தான். அறிவிப்புக்கு முந்தைய நாள் விலையை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அது இரண்டு வகையில் தவறாகப் போகும். செய்தி முன்கூட்டியே கசிந்திருந்தால் அந்த விலையே பாதி பிரீமியத்தை விழுங்கியிருக்கும். அப்போது வதந்திக்கு முந்தைய விலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இன்னொன்று, மாதங்கள் ஓட ஓட அந்தத் துறையின் பங்குகள் மொத்தமாக இறங்கியிருக்கலாம். 2022-ல் தொழில்நுட்பப் பங்குகள் பலமாக விழுந்தபோது, டீல் இல்லாத ஆக்டிவிஷன் மட்டும் 65-லேயே நின்றிருக்கும் என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை. அடி விலையை 55 என்று வைத்தால் அதே 82.3 டாலர் 68 சதவீத வாய்ப்பைக் காட்டும். ஆக, இந்த எண்ணை ஒரு வரம்பாகப் படிப்பதுதான் சரி. ஒரே துல்லியமான விடையாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

பிறகு நடந்ததெல்லாம் இந்த இடைவெளி விரிவதும் சுருங்குவதும்தான். 2023 ஏப்ரல் 26 அன்று பிரிட்டனின் போட்டி ஆணையம் இணைப்பைத் தடுத்தது. ஆக்டிவிஷன் ஒரே நாளில் சுமார் 11 சதவீதம் விழுந்தது. ஜூலை 11 அன்று அமெரிக்க நீதிமன்றம் தடை தர மறுத்ததும் சுமார் 10 சதவீதம் ஏறி 90-ஐ ஒட்டி வந்தது. அக்டோபர் 13 அன்று டீல் முடிந்து பங்குதாரர்களுக்கு 95 டாலர் வந்து சேர்ந்தது. இப்படி அறிவிப்புக்குப் பிறகு, வாங்கப்படும் இலக்கு நிறுவனத்தின் பங்கு அதன் வருமான அறிக்கைக்குப் பெரிதாக அசைவதில்லை, ஒழுங்குமுறைச் செய்திக்குத்தான் துள்ளும். சலுகை விலைக்கு மேலேயே பங்கு விற்றால் அர்த்தம் வேறு: இன்னொருவர் போட்டிக்கு வருவார், அல்லது இவரே விலையைக் கூட்டுவார் என்று சந்தை நினைக்கிறது.

இனி வாங்கும் நிறுவனம். அறிவிப்பு நாளில் மைக்ரோசாப்ட் சுமார் 2.4 சதவீதம் இறங்கியது. "சந்தைக்கு டீல் பிடிக்கவில்லை" என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. அதே நாளில் நாஸ்டாக் குறியீடே ஏறக்குறைய 2.6 சதவீதம் விழுந்திருந்தது. குறியீட்டின் அசைவைக் கழித்தால் மைக்ரோசாப்டின் சொந்த வீழ்ச்சி என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. வாங்குபவரின் அசைவு பொதுவாகச் சிறியது என்பதால், இந்தக் கழித்தலைச் செய்யாமல் அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ரொக்கத்துக்குப் பதில் தன் பங்குகளையே கொடுத்து வாங்கும்போதுதான் வாங்குபவரின் பங்கு பலமாக அடிபடும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. வாங்கும் நிறுவனத்தின் பங்கு 200. மொத்தம் 50 கோடிப் பங்குகள். இலக்கு நிறுவனத்தின் பங்கு 60. மொத்தம் 10 கோடிப் பங்குகள். இலக்கின் ஒவ்வொரு பங்குக்கும் வாங்குபவரின் 0.4 பங்கு தருகிறார்கள். அறிவிப்பு நேரத்தில் அதன் மதிப்பு 80. பங்குக்கு 20 வீதம் மொத்த பிரீமியம் 200 கோடி.

வாங்குபவரின் பங்கு அன்று 6 சதவீதம் விழுந்து 188-க்கு வருகிறது என்று வையுங்கள். உடனே சலுகையின் மதிப்பும் 75.2 ஆகச் சுருங்கும். தலைப்புச் செய்தியில் உள்ள 80-ஐ வைத்துக்கொண்டு, 73-ல் விற்கும் பங்கில் 7 லாபம் என்று கணக்குப் போடுபவர் இங்கேதான் ஏமாறுகிறார். உண்மையான இடைவெளி 2.2 மட்டுமே.

இன்னொரு பக்கம், வாங்குபவர் இழந்த சந்தை மதிப்பு 600 கோடி. கொடுத்த பிரீமியமோ 200 கோடி. பிரீமியம் முழுவதும் வீண் என்று சந்தை நினைத்திருந்தால்கூட வீழ்ச்சி 200 கோடியை ஒட்டித்தான் இருந்திருக்க வேண்டும். மீதி 400 கோடிக்கு வேறு காரணம் தேட வேண்டும். ஒரு காரணம் செய்தி: பணம் இருந்தும் பங்கைக் கொடுக்கிறார்கள் என்றால், தங்கள் பங்கு அதிக விலையில் இருப்பதாக நிர்வாகமே கருதுகிறதோ என்ற சந்தேகம் எழும். அல்லது சொந்தத் தொழிலில் வளர்ச்சி குறைவதை மறைக்க வாங்குகிறார்களோ என்று தோன்றும்.

மற்றொரு காரணம் வெறும் விற்பனை அழுத்தம். இந்த விலை இடைவெளியையே லாபமாக்கப் பார்க்கும் ஆர்பிட்ரேஜ் செய்பவர்கள் இலக்கின் ஒரு பங்கை 73-க்கு வாங்கும்போதே வாங்குபவரின் 0.4 பங்கைக் கடன் வாங்கி விற்பார்கள். அப்படிச் செய்தால் வாங்குபவரின் விலை எங்கே போனாலும், டீல் முடிந்தால் 2.2 அவர்கள் கைக்கு வரும். ஆனால் இலக்கில் 3 கோடிப் பங்குகள் இவர்கள் கைக்குப் போனால், வாங்குபவரின் 1.2 கோடிப் பங்குகள் சில நாட்களில் சந்தையில் விற்கப்படும். இந்த விற்பனைக்கும் டீலின் தரத்துக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டையும் பிரித்தறிய, வாங்குபவரின் பங்கில் ஷார்ட் நிலுவை, அதாவது கடன் வாங்கி விற்று இன்னும் திருப்பித் தராத பங்குகளின் அளவு, அறிவிப்புக்குப் பிறகு எவ்வளவு கூடியது என்று பாருங்கள். அது பெரிதாகக் கூடியிருந்தால் வீழ்ச்சியில் ஒரு பகுதி தற்காலிகமானது; வேறெதுவும் மாறாவிட்டால் அந்த அளவு அடுத்த வாரங்களில் மீளலாம். ஷார்ட் நிலுவை அசையாமல் விலை மட்டும் விழுந்திருந்தால், ஏற்கெனவே அந்தப் பங்கை வைத்திருந்தவர்கள்தான் விற்றுவிட்டு வெளியேறுகிறார்கள்.