பில் போடும் நேரத்தில் ‘இதையும் சேர்க்கலாமா?’

ஆன்லைனில் காபித்தூள் விற்கும் சிறு கடை ஒன்று. 500 கிராம் தூள் 380 ரூபாய், டெலிவரி 50, பில் 499-ஐத் தொட்டால் டெலிவரி இலவசம். தூளைக் கூடையில் போட்டவருக்கு, ‘இன்னும் ₹119-க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்’ என்ற வரியும், அதன் கீழே 120 ரூபாய் சுக்குக் காபிப் பொட்டலமும் தெரிகின்றன. 430 கொடுக்க இருந்தவர் 500 கொடுக்கிறார். கூடுதலாக 70 ரூபாய்தான், அவருக்கு லாபம்.

கடைக்கு? அந்தப் பொட்டலத்தின் அடக்கவிலை 75 ரூபாய் என்றால், கைக்கு வந்த கூடுதல் 70. பில் தொகை உயர்ந்தும் 5 ரூபாய் நஷ்டம். அடக்கம் 55 ரூபாய் என்றால் 15 மிச்சம். எதைப் பரிந்துரைப்பது என்று முடிவு செய்யுமுன் இந்தக் கணக்கைப் போட வேண்டும். கூரியர் கட்டணம் எடைக்கேற்பப் படிப்படியாக ஏறும், அதையும் பாருங்கள். அரை கிலோ தூள் அட்டைப்பெட்டியோடு சேர்ந்து ஏற்கெனவே ஒரு கிலோ படிக்குள் போய்விடும், ஆகவே 100 கிராம் கூடினால் செலவு ஏறாது. பித்தளை ஃபில்டரைச் சேர்த்தால் பெட்டியே பெரிதாகிவிடும்.

ஃபில்டர் வேறொரு காரணத்துக்காகவும் தவறான தேர்வு. அரை கிலோ தூள் வாங்குபவர் வீட்டில் ஃபில்டர் ஏற்கெனவே இருக்கும். யோசிக்காமல் ‘சரி’ சொல்லக்கூடிய, தீர்ந்துபோகும், கூடையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத பொருளே இங்கே எடுபடும். காம்போக்களைத் தூளின் விவரப் பக்கத்திலேயே காட்டிவிடுங்கள். பணம் கட்ட வந்தவரை மறுபடி விலை ஒப்பிட வைத்தால், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று போய்விடுவார்.

கூடைப் பக்கத்தில் ஒரே ஒரு பரிந்துரை போதும். தொட்டால் அங்கேயே சேர வேண்டும், அதேபோல் நீங்கவும் வேண்டும். பணம் கட்டும் திரையில் எதுவும் வேண்டாம், பாப்-அப் வேண்டவே வேண்டாம். டிக் போட்டே வைத்த பெட்டி எரிச்சலோடு நிற்பதில்லை: கேட்காமல் கூடையில் பொருள் சேர்ப்பதை இந்தியாவில் 2023-இல் வந்த, வாங்குபவரை ஏமாற்றும் திரை உத்திகளான ‘டார்க் பேட்டர்ன்’களுக்கு எதிரான வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. ‘வேண்டாம், எனக்கு நல்ல காபி தேவையில்லை’ என்று குத்திக்காட்டும் பட்டனுக்கும் அதே தடைதான்.

சராசரி பில் தொகை மட்டும் ஏமாற்றும். கூடை வரை வந்த 100 பேரில் 70 பேர் சராசரி 430 ரூபாய் கட்டினால் 30,100. பாப்-அப் போட்டபின் சராசரி 470 ஆகிறது, ஆனால் கட்டியவர்கள் 63 பேர்தான், வரவு 29,610. வருபவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் பரிந்துரையைக் காட்டி, இரு பக்கமும் நூறு கூடைக்கு எவ்வளவு லாபம் நின்றது என்று ஒப்பிடுங்கள். கேஷ் ஆன் டெலிவரியைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். வாசலில் பெட்டியைத் திருப்பி அனுப்பினால் இருவழிக் கூரியர் செலவும் கடையின் தலையில்.