கிளெய்ம் பணம் தாமதமானால்: தேதியைக் கையில் பிடியுங்கள்

கடலூர் முதுநகரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, கணவரின் இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் புதுச்சேரி மருத்துவமனையில் ரூ.1,40,000 கட்டினார். பணத்தைத் திரும்பக் கேட்டு மார்ச் 3 அன்று மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் காகிதங்களை அனுப்பினார். பத்து நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியின் அசல் கேட்டார்கள். கொடுத்ததும், உள்ளே வைத்த பிளேட்டின் ஸ்டிக்கர் வேண்டும் என்றார்கள். அதையும் மார்ச் 28 அன்று கொடுத்தார். அப்புறம் போன் செய்தால் "பிராசஸில் இருக்கிறது" என்ற ஒரே பதில்தான்.

மருத்துவக் காப்பீட்டில் இப்படித் திரும்பக் கேட்கும் கிளெய்மை 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி. ஆனால் ஒவ்வொரு புதுக் கேள்விக்கும் நிறுவனம் நாள்கணக்கை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுகிறது. அதனால் கடைசிக் காகிதம் என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு உங்களிடம் சாட்சி இருக்க வேண்டும். கிளையில் கொடுத்தால் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். தபாலில் என்றால் ஸ்பீடு போஸ்ட் ரசீதையும் டெலிவரி ஆன பக்கத்தின் பிரிண்டையும் வைத்திருங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

அக்காவுக்காக ஏப்ரல் 20 அன்று நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினோம். மேலே பாலிசி எண், கிளெய்ம் எண். கீழே இவ்வளவுதான்:

"மார்ச் 3 அன்று விண்ணப்பித்தேன். கேட்ட கடைசி ஆவணம் மார்ச் 28 அன்று உங்களுக்குக் கிடைத்தது. 15 நாள் ஏப்ரல் 12 அன்று முடிந்தது. ரூ.1,40,000-ஐ வட்டியோடு தாருங்கள். மறுப்பதானால், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று எழுத்தில் தெரிவியுங்கள்."

வட்டி கேட்கத் தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். வங்கி விகிதம் 6.5 என்றால் மொத்தம் 8.5. அறுபது நாள் தாமதத்துக்கு அக்காவுக்குச் சுமார் ரூ.1,956 வரும்.

புகாருக்கு நிறுவனம் 14 நாளில் பதில் தர வேண்டும். அதே புகாரை ஐஆர்டிஏஐயின் bimabharosa.irdai.gov.in தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதியலாம். அங்கே கிடைக்கும் டோக்கன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தளம் புகாரை நிறுவனத்திடம் அனுப்பிக் கண்காணிக்குமே தவிர, தீர்ப்புச் சொல்லாது.

தீர்ப்புச் சொல்பவர் ஆம்புட்ஸ்மன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதமாகியும் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் அவரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், ரூ.50 லட்சம் வரை கேட்கலாம். ஆனால் அதே விஷயம் நுகர்வோர் நீதிமன்றத்தில் இருந்தால் எடுக்க மாட்டார்கள். கடலூர், புதுச்சேரி, காரைக்கால் மூன்றுக்கும் சென்னை அலுவலகம்தான். மாஹேக்காரர்கள் கொச்சிக்கும் ஏனாம்காரர்கள் ஹைதராபாத்துக்கும் எழுத வேண்டும். cioins.co.in வழியாகவும் அனுப்பலாம்.

தேவையான காகிதம் எல்லாம் சேர்ந்த பிறகு மூன்று மாதத்துக்குள் உத்தரவு வர வேண்டும். நிறுவனம் அதை 30 நாளில் நிறைவேற்ற வேண்டும்.