அதிமாதம்

2023ஆம் ஆண்டுக்கான இலங்கை அரச விடுமுறைப் பட்டியலில் எசல பௌர்ணமி இரண்டு இருந்தன: ஜூலை 3இல் ‘அதி எசல’, ஓகஸ்ட் 1இல் ‘எசல’. யாழ்ப்பாணத்துக் கலண்டர்களில் அதே காலத்தில் ஆடி மாதத்துக்குள் அமாவாசை இரண்டு விழுந்தன. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அதன் பெயர் அதிமாதம். அதிகமாதம் என்றும் சொல்வர்.

முதலில் ‘அதி’யைப் பார்த்துவிடுவோம். வடமொழியில் இரண்டு ‘அதி’கள் உண்டு. அழுத்தமில்லாத தகரம் கொண்டது ‘கடந்த, மிஞ்சிய’ என்ற பொருளைத் தரும். அதிவேகம், அதிசயம் என்பன அதன் வழி வந்தவை. மூச்சொலி சேர்ந்த தகரம் கொண்டது ‘மேலாக, கூடுதலாக’ என்ற பொருளுடையது. அதிகம், அதிகாரம், அதிபதி என்பன அதன் பிள்ளைகள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதிமாதத்தில் உள்ளது இரண்டாவது. மாதம் எதையும் மிஞ்சவில்லை. கணக்கின் மேல் ஒன்று கூடுகிறது, அவ்வளவே.

ஏன் கூட வேண்டும்? அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். அப்படிப் பன்னிரண்டு சேர்ந்தால் 354 நாள்தான் தேறும். சூரியன் ஒரு சுற்று முடிக்க 365 நாள் எடுக்கிறது. ஆண்டுதோறும் 11 நாள் குறைகிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் விதைப்புக்கால விழா சில ஆண்டுகளில் கடும் கோடைக்குள் போய்விடும். குறை சேர்ந்து ஒரு திங்கள் அளவுக்கு வருவதற்கு ஏறக்குறைய 32, 33 மாதம் ஆகும். அப்போது ஒன்று சேர்க்கப்படுகிறது.

‘சேர்க்கப்படுகிறது’ என்பதுகூடச் சரியான சொல் அல்ல. இந்துப் பஞ்சாங்கத்தில் இதை யாரும் கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை. சூரியன் ஓர் இராசியை விட்டு அடுத்ததில் புகும் கணம் சங்கிராந்தி. ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் நடுவே சங்கிராந்தி விழாவிட்டால் அந்தத் திங்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. தனக்குப் பின்னால் வரும் திங்களின் பெயரை இரவல் வாங்கி, முன்னால் ‘அதிக’ என்று ஒட்டிக்கொள்ளும். மங்கல காரியங்களுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டதால் அதற்கு ‘மலமாதம்’ என்ற பெயரும் உண்டு. மலம் என்றால் அழுக்கு. பாவம், கணக்கைச் சரிசெய்ய வந்த மாதத்துக்கு இப்படியொரு பட்டம்.

தமிழ் மாதங்கள் சூரியனைப் பின்பற்றுவதால் நமக்குப் பதின்மூன்றாம் மாதம் இல்லை. அதிமாதம் நமக்குத் தெரிவது, ஒரே மாதத்தில் இரண்டு அமாவாசை என்ற வடிவில்தான். 2023இல் ஜூலை 17 அதிகாலை சூரியன் கடகத்தில் புகுந்து ஆடி தொடங்கியது. அன்றிரவு நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில் அமாவாசைக் கணம். அடுத்த அமாவாசைக் கணம் ஓகஸ்ட் 16 பிற்பகல். சூரியன் சிம்மத்தில் புகுந்ததோ ஓகஸ்ட் 17 பிற்பகல். ஒரு நாள் இடைவெளியில் இரண்டாவது அமாவாசையும் ஆடிக்குள் அடங்கிவிட்டது. ஆனியும் ஆடியும் 31 நாளைத் தாண்டி நீளும் மாதங்கள் என்பதால் இப்படி நடக்க இடமுண்டு. மார்கழியோ ஒரு திங்களின் அளவுக்கும் சற்றுக் குறைவு. அங்கே இரண்டு அமாவாசைக்கு இடமேது?

சிங்களப் பௌர்ணமிக் கணக்கு அதே திங்களை வேறிடத்தில் செருகியது என்பது சுவையானது. ஜூலை 3 பௌர்ணமியை அவர்கள் அதி எசல என்றார்கள். இந்துப் பஞ்சாங்கங்களில் அது வழமையான ஆஷாட பௌர்ணமி. ஓகஸ்ட் 1 அவர்களுக்கு எசல, இவற்றுக்கு அதிக சிராவணம். ஓகஸ்ட் 30இல் நிகினியும் சிராவணமுமாக இரண்டும் மறுபடி ஒன்றுசேர்ந்தன.

இனிக் கால அளவுக்கு வருவோம். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம், ஆடி அமாவாசை நாளையும் சேர்த்து எண்ண ஆறாம் நாள் வரும். 2022இல் அது ஓகஸ்ட் 2. 2023இல் இரண்டாவது அமாவாசை கொள்ளப்பட்டதால் ஓகஸ்ட் 21. இடையில் 384 நாள். 2024இல் ஓகஸ்ட் 9. இடையில் 354 நாள். 2025இல் ஜூலை 29, மறுபடியும் 354. ‘போன திருவிழாவிலிருந்து இந்தத் திருவிழா வரை ஒரு வருடம்’ என்று சொல்கிறோம். இந்த மூன்று இடைவெளிகளில் ஒன்றுகூட 365 நாள் இல்லை. திதியைப் பிடித்துப் போகும் ஆண்டு ஒன்றில் 354ஐ ஒட்டியிருக்கும், அல்லது 384ஐ ஒட்டியிருக்கும். நடுவில் நிற்பதே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2022 ஓகஸ்ட் 2 ஆடி மாத வளர்பிறைப் பஞ்சமி. அன்று ஒருவர் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். சூரிய மாதத்தையும் திதியையும் சேர்த்துப் பார்த்தால், 2023 ஆடியில் வளர்பிறைப் பஞ்சமி ஒரு முறைதான் வந்தது. அதுவும் ஜூலை 22, 23இல். அப்படியானால் ஆட்டைத் திவசம் 354 அல்லது 355 நாளில் வந்துவிடும். அதே நாளில் கொடியேறிய நல்லூருக்கோ 384 நாள். ஒரே நாளில் தொடங்கிய இரண்டு ‘ஒரு வருட’ங்களுக்கு நடுவே ஒரு மாதம்! இரண்டுமே விதிப்படி சரி. ஒன்று பஞ்சமியைப் பிடித்தது, மற்றது அமாவாசையைப் பிடித்தது.

இந்தக் குழப்பத்துக்குப் பழைய வழக்கொன்றும் இருக்கிறது. மகாபாரதத்தின் விராட பருவத்தில், அருச்சுனன் வெளிப்பட்டதும் பதின்மூன்றாம் ஆண்டு முடியவில்லை என்று துரியோதனன் பக்கம் வாதாடுகிறது. வீட்டுமர், ஐந்து ஆண்டுக்கு இரண்டு மாதம் கூடுகிறது, பதின்மூன்று ஆண்டுக்கு ஐந்து மாதமும் பன்னிரண்டு இரவும் கூடிவிட்டன, ஆகவே தவணை தீர்ந்தது என்கிறார். ‘ஆண்டு’ என்று தவணை பேசியவர்கள் எந்த ஆண்டு என்று பேசவில்லை. வழக்கறிஞர்கள் இன்றும் கவனிக்கத்தக்க ஓட்டை அது.

அதிமாதத்தையே விலக்கினால் என்ன ஆகும் என்பதற்கு முஸ்லிம்களின் ஹிஜ்ரி ஆண்டு சான்று. அங்கே ஆண்டு எப்போதும் 12 திங்கள்தான். நோன்பு மாதம் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 33 ஹிஜ்ரி ஆண்டுகள் நம் 32 ஆண்டுகளுக்கு ஏறத்தாழச் சமம். பருவத்தோடு ஒட்டாது. ஆனால் ஆண்டின் நீளம் ஒரு நாளுக்கு மேல் மாறுவதில்லை. இரண்டையும் ஒருசேர வைத்திருக்க நிலவு இடம் கொடுப்பதில்லை.

அதிமாதம் உள்ள கணக்கு நெடுங்காலத்தில் நேர்ப்படும். 19 சூரிய ஆண்டில் ஏறத்தாழ 235 திங்கள். அதாவது 228உம் ஏழு அதிமாதமும். 2023க்கு 19 ஆண்டு முன், 2004இலும் ஆடிக்குள் இரண்டு அமாவாசை: ஜூலை 17, ஓகஸ்ட் 16. அமாவாசையும் சங்கிராந்தியும் சில மணி நேர இடைவெளியில் விழும் ஆண்டுகளில் மட்டும் வாக்கியமும் திருக்கணிதமும் முரண்படலாம். ஒன்றில் அதிமாதம் இருக்கும், மற்றதில் இராது. அத்தகைய ஆண்டில் எந்தப் பஞ்சாங்கத்தைக் கோயில் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொள்வதே வழி.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘மிகுமாதம்’ எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதிகம் என்பதற்கு மிகுதி என்பதே நேர்ப்பொருள். ‘மிகுதிங்கள்’ என்றால் இன்னும் சரி, நிலவும் மாதமும் திங்கள் என்ற ஒரே சொல்லுக்குள் இருப்பதால். ‘இடைச்செருகல் மாதம்’ என்பதை ஏற்க மனம் வரவில்லை. பிற்காலத்தவர் ஏட்டில் நுழைத்த பாட்டைத்தான் இடைச்செருகல் என்போம். இது யாரும் நுழைத்தது அல்ல.