யென் கடனும் டாலர் வட்டியும்: இரண்டரை ஆண்டு ஆதாயம் நான்கு வாரத்தில் கரைந்த கதை

2024 ஜூலை தொடக்கத்தில் ஜப்பானிய யென்னில் குறுகிய காலக் கடன் வாங்க முடிந்த ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம், அதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ அரை சதவீத வட்டி கொடுத்தால் போதும் என்ற நிலை இருந்தது. அதே நாள்களில் அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்கள் ஆண்டுக்கு 5.3 சதவீதம் அளவுக்கு வட்டி தந்துகொண்டிருந்தன. குறைந்த வட்டிக்கு வாங்கி அதிக வட்டிக்கு விடுவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தொழில்தான். வாங்குவது ஒரு நாட்டின் நாணயத்தில், விடுவது இன்னொரு நாட்டின் நாணயத்தில் என்று ஆகும்போது அதற்குக் கேரி டிரேடு என்று பெயர். கையில் வைத்திருப்பதாலேயே, நாள் நகர்வதாலேயே கிடைக்கும் வருவாயைத்தான் நாணயச் சந்தையில் ‘கேரி’ என்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் கவர்ச்சியும் ஆபத்தும் ஒன்றாகவே தெரியும். ஒரு டாலருக்கு 160 யென் என்ற விலையில் ஒருவர் 1 கோடியே 60 லட்சம் யென் கடன் வாங்கி, அதை விற்று 1,00,000 டாலராக மாற்றி, அமெரிக்கப் பத்திரத்தில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு முடிவில் அவர் கையில் 1,05,300 டாலர் இருக்கும். திருப்பித் தர வேண்டியதோ அசலும் வட்டியும் சேர்த்து 1 கோடியே 60 லட்சத்து 80 ஆயிரம் யென். டாலர் விலை 160 யென்னிலேயே நின்றிருந்தால் அந்தக் கடனை அடைக்க 1,00,500 டாலர் போதும். மீதி 4,800 டாலர் ஆதாயம். டாலர் 152.7 யென்னுக்கு இறங்கியிருந்தால் ஆதாயம் முழுவதும் போய், கணக்கு சமமாகிவிடும். அதற்கும் கீழே இறங்கினால் நட்டம்.

இந்த 152.7 என்ற எண்ணைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ஓராண்டு கழித்து டாலரைத் தருவதாக இன்றே விலை பேசும் முன்னோக்கு ஒப்பந்தங்களிலும் ஏறத்தாழ இதே விலைதான் இருக்கும், ஏனெனில் இரண்டு வட்டிகளின் இடைவெளியிலிருந்துதான் அந்த விலையே பிறக்கிறது. ஆகவே, ஆபத்தை நீக்குவதற்காக முன்கூட்டியே விலையை உறுதிசெய்துகொள்பவருக்கு ஆதாயமும் நீங்கிவிடும். கேரி டிரேடில் கிடைப்பது, நாணய மாற்று விலையின் ஆபத்தைத் திறந்தே வைத்திருப்பவருக்கு மட்டும் கிடைக்கும் கூலி.

அதிக வட்டி தரும் நாணயம் காலப்போக்கில் அந்த வட்டி வேறுபாட்டின் அளவுக்கு மதிப்பிழந்து ஆதாயத்தைத் தின்றுவிடும் என்று பொருளாதாரப் பாடம் சொல்கிறது. நடைமுறையில் பல ஆண்டுகள் அப்படி நடப்பதில்லை என்பதே வியப்பு. 2021 ஜனவரியில் ஒரு டாலர் 103 யென் அளவில் இருந்தது. 2024 ஜூலை தொடக்கத்தில் அது 161 யென்னைத் தாண்டியது. யென்னைக் கடன் வாங்கியவர்களுக்கு வட்டி வேறுபாடும் கிடைத்தது, கடனின் மதிப்பும் டாலர் கணக்கில் சுருங்கிக்கொண்டே வந்தது. அதில் அவர்களின் பங்கும் உண்டு. யென்னைக் கடன் வாங்குபவர் அதை உடனே விற்கிறார் என்பதால், ஒவ்வொரு புதிய கடனும் யென்னை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளி, முன்பே நுழைந்தவர்களின் லாபத்தைக் கூட்டியது.

4.8 சதவீதம் என்பது தொழில்முறை முதலீட்டாளர்களுக்குச் சிறிய தொகை. எனவே யாரும் முழுப் பணத்தையும் கையிலிருந்து போடுவதில்லை. நம் கணக்கில் வந்தவர் 10,000 டாலரை மட்டும் மார்ஜினாக, அதாவது பிணையாக வைத்து, அந்த 1,00,000 டாலர் வணிகத்தைச் செய்கிறார் என்றால், அவருடைய சொந்தப் பணத்துக்கு ஆண்டுக்கு 48 சதவீதம் வருகிறது. எத்தனை மடங்கு கடன் என்பதைச் சந்தையின் அமைதிதான் முடிவுசெய்கிறது. நாணய விலை நாளுக்கு நாள் எவ்வளவு ஆடுகிறது என்பதை அளந்து, அதற்கேற்பக் கடன் வரம்பை வைப்பது நிதி நிறுவனங்களின் வழக்கம். ஆட்டம் குறைவாக இருக்கும் மாதங்களில் வரம்பு உயர்கிறது, எல்லோரும் கடனைப் பெருக்குகிறார்கள். ஆபத்து மிகக் குறைவாகத் தெரியும் நேரத்தில்தான் அது மிக அதிகமாகக் குவிகிறது. இந்த வணிகத்தில் என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது இதுதான், ஏனெனில் இங்கே யாரும் விதியை மீறவில்லை. ஒவ்வொருவரும் தம் விதிப்படி சரியாகவே நடந்துகொள்கிறார்கள்.

ஜூலை 11 அன்று அமெரிக்காவில் விலைவாசி உயர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்ற செய்தி வந்தது. ஜப்பான் நிதி அமைச்சகமும் அந்த மாதத்தில் 5.5 லட்சம் கோடி யென்னுக்கு மேல் செலவிட்டு யென்னை வாங்கித் தாங்கியது. டாலர் இறங்கத் தொடங்கி, ஜூலை கடைசி வாரத்தில் 152 யென்னைத் தொட்டது. ஜூலை 31 அன்று அந்நாட்டின் மைய வங்கியான ஜப்பான் வங்கி தன் கொள்கை வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. உயர்வு வெறும் 0.15 சதவீதப் புள்ளிதான், ஆனால் பொருளாதார வல்லுநர்களில் பெரும்பாலோர் அந்தக் கூட்டத்தில் அதை எதிர்பார்க்கவில்லை. மேலும் உயரக்கூடும் என்று ஆளுநர் உவேதா கசுவோ பேசியது அதைவிடக் கனமாக விழுந்தது. ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை பலவீனமாக வந்தது, வேலையின்மை 4.3 சதவீதமாக உயர்ந்திருந்தது. இனி அங்கே வட்டி வேகமாகக் குறையும் என்று சந்தை கணித்தது. இடைவெளியின் இரு கரைகளும் ஒரே வாரத்தில் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன.

நம் கணக்கில் வந்தவரின் நிலையை இந்த நாள்களோடு சேர்த்துப் பார்ப்போம். டாலர் 152 யென் ஆனபோது, அவருடைய 1 கோடியே 60 லட்சம் யென் கடனை அடைக்க 1,05,263 டாலர் தேவை. மாதத்துக்கு 400 டாலர் வீதம் வட்டி சேர்த்துக்கொண்டிருந்தவர் 5,263 டாலரை இழந்துவிட்டார். பிணையில் பாதிக்கு மேல் போய்விட்டது. இந்த இடத்தில் தரகரிடமிருந்து ‘மார்ஜின் கால்’ வரும்: கூடுதல் பணம் கட்டு, இல்லையேல் நிலையை முடித்துக்கொள். ஆகஸ்ட் 2 மாலை டாலர் 146.5 யென் அளவில் இருந்தபோது அவருடைய பிணையில் ஆயிரம் டாலர்கூட மிச்சமில்லை. ஆகஸ்ட் 5, திங்கள்கிழமை, டாலர் 142 யென்னுக்கு வந்தபோது இழப்பு 12,676 டாலர். அது இரண்டரை ஆண்டு வட்டிக்கும் அதிகம். பிணை முழுவதும் கரைந்து, அதற்கு மேலும் கடன்.

அவர் தன் வணிகத்தை முடிக்க என்ன செய்ய வேண்டும்? டாலரை விற்று யென்னை வாங்க வேண்டும். அவர் வாங்கும் யென், யென்னின் விலையை ஏற்றுகிறது. ஏறிய விலை, அவரைவிடக் கொஞ்சம் அதிகப் பிணை வைத்திருந்த அடுத்தவரை மார்ஜின் காலுக்குக் கொண்டுவருகிறது. அவரும் யென் வாங்குகிறார். விலை ஆட்டம் கூடியதால் கடன் வரம்பைக் குறைக்கும்படி நிறுவனங்களின் ஆபத்துக் கணிப்பான்கள் சொல்ல, இன்னும் நட்டமே அடையாதவர்களும் யென் வாங்க வருகிறார்கள். நுழையும்போது பல ஆண்டுகளாக ஒவ்வொருவராக வந்தவர்கள், வெளியேறும்போது ஒரே வாசலில் சேர்ந்துவிடுகிறார்கள். விற்பதற்கு யென் வைத்திருப்பவர்களோ, அது இன்னும் ஏறும் என்று தெரிந்து கையை இறுக்கிக்கொள்கிறார்கள். ஏறும்போது படிப்படியாகவும் இறங்கும்போது ஒரே பாய்ச்சலாகவும் கேரி டிரேடின் வரைபடம் அமைவதற்கு இந்தச் சுழல்தான் காரணம். 2008 ஜூலையில் 104 யென் விலையிருந்த ஆஸ்திரேலிய டாலர், அக்டோபருக்குள் 55 யென் அளவுக்குச் சரிந்ததும் இதே வழியில்தான், அப்போது நெருக்கடி உலகம் முழுவதும் பரவியிருந்தது என்றாலும்.

யென்னைத் திரட்டியவர்கள் எல்லோரும் அமெரிக்கப் பத்திரம் மட்டும் வாங்கவில்லை என்பதால் சேதம் நாணயச் சந்தையோடு நிற்கவில்லை. மெக்சிகோவின் கொள்கை வட்டி அப்போது 11 சதவீதம் என்பதால் பலர் பெசோவை வாங்கி வைத்திருந்தார்கள். அது ஒரு மாதத்துக்குள் யென்னுக்கு எதிராக ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்தது. அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகளை வாங்கியவர்களும் இருந்தார்கள். மார்ஜின் கட்டப் பணம் தேவைப்படும்போது எது உடனே விற்குமோ அதையே விற்பார்கள். டோக்கியோ பங்குச் சந்தையில் இரண்டு அடிகள் சேர்ந்து விழுந்தன: விற்பனை ஒரு புறம், யென் ஏறினால் ஏற்றுமதி நிறுவனங்களின் வருமானம் யென் கணக்கில் சுருங்கும் என்ற அச்சம் மறுபுறம். ஆகஸ்ட் 5 அன்று அந்தச் சந்தையின் நிக்கேய் குறியீடு 4,451 புள்ளிகள், அதாவது 12.4 சதவீதம் வீழ்ந்தது. சதவீதக் கணக்கில் 1987 அக்டோபருக்குப் பிறகு அதுவே மிகப் பெரிய ஒருநாள் வீழ்ச்சி. மறுநாளே அது 10.2 சதவீதம் மீண்டது. ஒரு நாட்டின் நிறுவனங்களின் உண்மையான மதிப்பு இரண்டு நாளில் இப்படி ஆடாது; கட்டாயத்தின் பேரில் விற்றவர்கள் ஓய்ந்துவிட்டார்கள் என்பதைத்தான் அந்த மீட்சி காட்டியது.

குவியல் எவ்வளவு பெரியது என்பதை முன்கூட்டியே அளக்க முடியுமா? ஓரளவு முடியும். அமெரிக்காவின் பண்ட வருங்கால வணிக ஆணையம் வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையில், ஊக வணிகர்கள் யென் வீழும் என்று எவ்வளவு ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். 2024 ஜூலை தொடக்கத்தில் அந்த நிகர எண்ணிக்கை 1,80,000 ஒப்பந்தங்களைத் தாண்டியிருந்தது. ஓர் ஒப்பந்தம் என்பது 1 கோடியே 25 லட்சம் யென். ஆகஸ்ட் நடுவில் அது பக்கம் மாறி, யென் ஏறும் என்ற நிலைக்குப் போயிருந்தது. ஆனால் இது முறைப்படுத்தப்பட்ட சந்தையில் பதிவாகும் பகுதி மட்டுமே. பெரும்பகுதி வங்கிகளுக்கிடையேயான நாணயப் பரிமாற்ற ஒப்பந்தங்களாக நடக்கிறது, அவை எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் கடன் என்று எழுதப்படுவதில்லை. ஆகவே மொத்தத் தொகையை எவராவது துல்லியமாகச் சொன்னால் அதை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 7 அன்று ஜப்பான் வங்கியின் துணை ஆளுநர் உச்சிதா சினிச்சி, சந்தை நிலையற்றிருக்கும்போது வட்டியை உயர்த்த மாட்டோம் என்று அறிவித்தார். யென் இறங்கியது, சந்தை அடங்கியது. 2025 ஜனவரி 24 அன்று அதே வங்கி வட்டியை 0.25 சதவீதப் புள்ளி உயர்த்தி 0.5 ஆக்கியது. ஜூலையில் செய்ததைவிட அது பெரிய உயர்வு. ஆனால் இம்முறை அதிகாரிகள் பல நாள் முன்பே பேச்சில் குறிப்புக் கொடுத்திருந்தார்கள், அந்த வாராந்தர அறிக்கையில் யென்னுக்கு எதிரான குவியலும் ஜூலையில் இருந்ததில் ஒரு சிறு பகுதியாகவே இருந்தது. அன்று நிக்கேய் ஏறத்தாழ அசையாமல் முடிந்தது.