வீட்டு முன்பணம் சேர 7 வருஷமா, 14 வருஷமா?

குன்னூரில் வீடு வாங்க ஆலோசனை கேட்டு என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். தேவையான முன்பணத்தை வருடச் சேமிப்பால் வகுத்தால் எத்தனை வருஷம் என்று தெரிந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அந்தக் கணக்கில் வீட்டு விலையும் நகராது, சம்பளமும் நகராது.

ஒருவருக்கு மாதச் சம்பளம் 60,000 ரூபாய், சேமிப்பு 12,000. பார்த்து வைத்திருக்கும் வீடு 40 லட்சம். வங்கி 80 சதவீதம் கடன் தந்தால் கையிலிருந்து 8 லட்சம் வேண்டும். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என்று 9 சதவீதம், அதாவது இன்னும் 3.6 லட்சம். பலர் மறந்துவிடும் தொகை இது. வங்கி பொதுவாக இதைக் கடனில் சேர்ப்பதில்லை. ஆக 11.6 லட்சம். சேமிப்புக்கு 6 சதவீத வட்டி என்று வைத்தால், விலை அப்படியே இருக்கும்பட்சத்தில் 7 வருஷம் போதும்.

விலை வருடம் 7 சதவீதம் ஏறினால்? முதல் வருடத்திலேயே இலக்கு 81,000 ரூபாய் தள்ளிப்போகிறது. அவர் அந்த வருடம் போடுவதோ 1.44 லட்சம். பாதிக்கும் மேல், விலையைத் துரத்தவே போய்விடுகிறது! 12,000 ரூபாயை ஏற்றாமல் தொடர்ந்தால் 14 வருஷம் ஆகும்.

இப்போது சம்பளம் வருடம் 8 சதவீதம் உயர்வதாக வைப்போம். சேமிப்பையும் அதே 8 சதவீதம் ஏற்றினால் 9 வருஷம். உயர்வில் சரிபாதியைச் சேமிப்பில் சேர்த்தால், அதாவது இரண்டாம் வருடம் 4,800 உயர்வில் 2,400 சேர்த்து மாதம் 14,400 போட்டு, ஒவ்வொரு உயர்வுக்கும் அப்படியே செய்தால், 7 வருஷத்தில் 19.7 லட்சம் சேரும். அன்றைய தேவை 18.6 லட்சம். உயர்வு முழுதும் செலவாகப் பழகிவிட்ட பிறகு இதைத் தொடங்குவது கடினம்; அதனால் முதல் உயர்விலேயே வங்கியில் மாதாமாதம் போடும் தொடர்வைப்புத் தொகையை ஏற்றச் சொல்வேன்.

அந்த 7 சதவீதம் நான் வைத்த எண்தான். உங்கள் தெருவில் சமீபத்தில் கைமாறிய வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று விசாரியுங்கள். பத்திரப்பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை வைத்து ஏற்றத்தைக் கணிக்காதீர்கள். அது பல வருடம் அசையாமல் இருந்து திடீரென்று தாவும்.

மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. கட்டட அனுமதி இல்லாத பகுதிகளைச் சேர்த்துக் கட்டிய வீடுகள் இங்கே நிறைய. வங்கி மதிப்பீட்டாளர் அவற்றைக் கணக்கில் எடுக்காமல் விடலாம். 7 வருஷம் கழித்து வீட்டின் விலை 64 லட்சம், மதிப்பீடு 58 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 சதவீதக் கடன் 58-க்குத்தான் கிடைக்கும். கையிலிருந்து கூடுதலாக 4.8 லட்சம் போட வேண்டும். மேலே சொன்ன 19.7 லட்சத்தில் 18.6 போக மிஞ்சும் 1.1 லட்சம் இதற்குப் போதாது. அட்வான்ஸ் கொடுக்குமுன் அனுமதி பெற்ற வரைபடத்தை வாங்கி, வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.