ஓதுவார் பாடும்போது மேளம் எங்கே நிற்க வேண்டும்?

நாகஸ்வரம் மெதுவாக வாசிக்கும் வாத்தியம் அல்ல. மூச்சைக் குறைத்தால் ஓசை ஓரளவு தணியும்; அதற்குமேல் குறைத்தால் சீவாளி சுருதியை விட்டு இறங்கிவிடும். அதனால் ஓதுவார் பாடும்போது "அடக்கி வாசியுங்கள்" என்று சொன்னால் எங்களால் முழுதாகச் செய்ய முடியாது. குரலோடு ஒட்டிக்கொண்டு வயலின் போல வரியைத் தொடர்ந்தால் முதலில் சாவது வல்லின எழுத்துகள். உயிரெழுத்தின் நீட்டம் பிழைத்துக்கொள்ளும். ற்ற, ட்ட, க்க எல்லாம் காணாமல் போகும். மேளம் கூடவே இருக்கட்டும், ஆனால் சொல் ஒலிக்கும் இடத்தில் வேண்டாம் என்பதே நான் கடைப்பிடிக்கும் முறை.

அப்பர் பாடிய முதல் பதிகமான 'கூற்றாயினவாறு' பதிகத்தையே எடுத்துக்கொள்வோம். கொல்லிப் பண், நவரோஜ் ராகத்தில் பாடுவது வழக்கம். அந்த ராகம் மேல் சட்ஜமத்துக்குப் போவதே இல்லை. கீழ்ப் பஞ்சமத்துக்கும் நடுப் பஞ்சமத்துக்கும் இடையில்தான் அதன் நடமாட்டம். மேல் ஸ்தாயியில் பிடித்து நிறுத்திக் கைதட்டல் வாங்கிப் பழகிய எங்களுக்கு இது கொஞ்சம் சோதனைதான்! ஆனால் நாகஸ்வரம் குரலுக்கு மேலே பறக்காமல் இருக்க ராகமே காவல்.

ஓதுவார் தொடங்குமுன் ஒரு நிமிடத்துக்குக் குறைவாக நவரோஜைக் கோடு காட்டுவேன். பண்ணும் சுருதியும் காதில் பதிந்தால் போதும். பிறகு வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். கருங்கல் மண்டபத்தில் கடைசி ஸ்வரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அது அடங்கிய பிறகே முதற்சொல் வரவேண்டும். பாட்டு முழுவதும் நான் சும்மா இருப்பேன், ஒத்தோ சுருதிப்பெட்டியோ மட்டும் ஒலிக்கும்.

அந்தப் பதிகத்தில் ஒவ்வொரு பாட்டும் 'அதிகைக் கெடில வீரட்டானத்துறை அம்மானே' என்றே முடியும். இரண்டாம் பாட்டிலிருந்து கேட்பவருக்கு அது மனப்பாடம். ஓதுவார் அதைப் பாடி முடித்ததும் அந்த ஒரு வரியை மட்டும் நாகஸ்வரத்தில் திருப்பி வாசிக்கலாம். அங்கே மறைய எந்தச் சொல்லும் இல்லை; ஓதுவாருக்கு மூச்சு வாங்க இடமும் கிடைக்கிறது. வாசிக்கும்போது சொல்லின் குறில் நெடிலை அப்படியே வைக்க வேண்டும். 'வீரட்டானம்' என்பதில் 'ட்டா'வை விழுங்கிக் கமகம் போட்டால் அது வெறும் ராகமாகிவிடும்.

தவிலுக்கு இன்னும் குறைவான வேலை. தாளமில்லாமல் சுத்தாங்கமாகப் பாடும் தாண்டகம், விருத்தம் ஆகியவற்றுக்குத் தவில் தேவையே இல்லை. தாளத்தோடு பண்ணாங்கமாகப் பாடும்போதும் வரியின் நடுவே ஜால்ராவை மூடித் தட்டினால் போதும். விரல் கூடு போட்ட வலந்தலையின் அடி வல்லினத்தின் மேலேயே வந்து விழும். அதனால் அந்த வரி திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு சிறு தீர்மானம் வைக்கச் சொல்வேன்.

சுருதியில்தான் பல இடங்களில் சண்டை. இன்றைய பாரி நாகஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டை. ஆண் ஓதுவாரில் பலருக்கு அது சற்று உயரம். தொண்டையை இழுத்துப் பாடும்போதே சொல் நசுங்கத் தொடங்கும். ஐந்து கட்டையில் பாடும் பெண் ஓதுவாருக்கு வழி எளிது. இரண்டு கட்டை நாகஸ்வரத்தின் மத்தியமம்தான் ஐந்து கட்டை; மத்தியம சுருதியில் வாசித்தால் இருவருக்கும் பொருந்தும். ஒன்றரைக் கட்டைக்காரருக்கு இப்படிக் குறுக்கு வழி இல்லை. வேறு வாத்தியம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாகஸ்வரம் அந்தப் பதிகத்துக்கு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கூடவே வாசித்துச் சமாளிப்பது இரண்டையும் கெடுக்கும்.

ஒலிபெருக்கி இருந்தால் நாங்கள் ஓதுவாரின் மைக்கிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடியாவது தள்ளி, அணசு அதைப் பார்க்காதபடி நிற்கிறோம். மைக்கின் ஒலியைக் கூட்டி ஓதுவாரைக் காப்பாற்ற முடியாது. பக்கத்தில் தவில் இருந்தால் அதுவும் சேர்ந்தே கூடும். சாவி போட்டால் அலறும் மின்மேளத்துக்கும் எங்களுக்கும் இதில் பங்காளிச் சண்டை எதுவும் இல்லை. பாடும்போது அதையும் நிறுத்திவிடுங்கள்.

முறை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பதிகம் தெரியாத ஒருவரைக் கொடிமரத்தருகே நிறுத்திக் கேட்ட சொற்களைச் சொல்லச் சொல்லுங்கள். பதிகம் தெரிந்தவரிடம் கேட்டுப் பயனில்லை, கேட்காத சொல்லையும் அவர் மனமே நிரப்பிக்கொள்ளும். நான் பார்த்தவரை முதற்பாட்டின் 'விலக்ககிலீர்' என்ற சொல்லில்தான் பெரும்பாலும் தடுமாறுவார்கள்.

தீபாராதனை நேரத்தில் இந்த ஏற்பாடு எதுவும் பலிக்காது. மணியும் கெட்டிமேளமும் ஒலிக்கும்போது பாடத் தொடங்குவதைவிட, அவை ஓய்ந்தபின் பாடுவதென்று அர்ச்சகரிடம் முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது. ஓதுவார் ஐயாக்களும் அம்மாக்களும் பூசைக்கு முன் எங்களிடம் என்ன பதிகம், எத்தனைக் கட்டை, எத்தனைப் பாட்டு என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.